நாற்பத்தொன்றும் இருபத்துநான்கும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், அன்றைக்கு விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய தொழிற்சாலைகளில் ஒன்று எங்களுடையது. இரும்பை உருக்கி வார்த்து, பம்புக்கான உறைகள் செய்யும் ஃபவுண்டரி. எண்பதுகளின் நடுவில், பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு அங்கே மெயின்டனன்ஸ் பிரிவில் சேர்ந்தேன். குன்றத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். ஆபீஸில் டைப் அடிக்கும் ஒரு பெண்ணைத் தவிர அந்த வளாகத்தில் வேறு பெண் கிடையாது. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க வந்த முதல் பெண் என்பதால் என்னை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. என்ன செய்யவேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

எனக்குக் கீழே வேலை செய்வதாகச் சொல்லப்பட்ட எலெக்ட்ரீஷியன் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வல்லக்கோட்டைக்காரர். சொந்த நிலத்தில் அண்ணன் தம்பிகள் பயிர் வைக்க, இவர் மட்டும் ஃபேக்டரிக்கு வந்துவிட்டார். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை மேடம் என்பார். அந்த 'மேடம்' எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

வார்த்தெடுத்த இரும்பின் பிசிறுகளைத் தேய்த்து எடுக்கும் கொட்டகையில், தூசியை உறிஞ்ச ஒரு பெரிய ப்ளோயர் இருந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு விசிறிச் சக்கரம். அதைச் சுழற்ற முப்பது குதிரைசக்தி மோட்டார். ப்ளோயர் நின்றால் கொட்டகையில் பத்து நிமிடத்தில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அங்கே வேலை செய்த இருபது பேரும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றுவிடுவார்கள்.

அது அடிக்கடி நின்றது. ஓடிக்கொண்டிருக்கும்போது இல்லை, கிளப்பிவிடும்போது. காலையில் பெரும்பாலும் ஒழுங்காகக் கிளம்பிவிடும். கரண்ட் போய் வந்ததும் உடனே போட்டால், சக்கரம் மெள்ள மெள்ள வேகம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே 'டக்' என்று ஓவர்லோட் ரிலே விழுந்து மோட்டாரை நிறுத்திவிடும். அந்தக் காலத்தில் கரண்ட் ஒரு நாளைக்கு எத்தனை முறை போகும் என்று சொல்லவேண்டியதில்லை.

ஓவர்லோட் ரிலே என்பது உள்ளங்கை அளவுப் பெட்டி. உள்ளே மூன்று பட்டைகள். ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு உலோகங்கள் ஒட்டியிருக்கும். மோட்டாருக்குப் போகிற மின்சாரம் அதன் வழியே போய்ப் பட்டையைச் சூடாக்கும். அளவுக்கு மீறிச் சூடானால் பட்டை வளையும். வளைந்து ஒரு நெம்புகோலைத் தள்ளும். ஸ்டார்ட்டர் விழுந்து மோட்டார் நிற்கும்; ரிலேயின் பட்டன் வெளியே துள்ளும். மோட்டாரின் சுருள்கள் கருகுவதற்கு முன்னால் இது முந்திக்கொள்ளவேண்டும். எத்தனை ஆம்பியர் வரை பொறுக்கலாம் என்று சொல்ல முகப்பில் ஒரு சின்னக் குமிழ். பாலிடெக்னிக்கில் படித்திருந்தேன். மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள முழுச்சுமை ஆம்பியரைப் பார், அதில் குமிழை வை. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

சேர்ந்த இரண்டாம் மாதம், தேய்ப்புக் கொட்டகையின் சூப்பர்வைசர் எங்கள் அறைக்கே வந்து சத்தம் போட்டார். "இன்னாம்மா, டிப்ளமோ படிச்சவங்க வந்துட்டாங்கன்னு சொன்னாங்க. ப்ளோயர் மட்டும் அப்படியே கீது? என் ஆளுங்க மண்ணைத் துன்னுகினு இருக்கானுங்க."

போய் ஸ்டார்ட்டர் பேனலைத் திறந்தேன். குமிழ் இருபத்துநான்கில் இருந்தது. மோட்டாரின் பெயர்ப்பலகையைத் துடைத்துப் பார்த்தேன். நாற்பத்தொரு ஆம்பியர். நாற்பத்தொரு ஆம்பியர் மோட்டாருக்கு இருபத்துநான்கு வைத்தால் விழாமல் என்ன செய்யும்? அதைவிட வேடிக்கை, அந்த ரிலேயின் எல்லையே இருபதிலிருந்து முப்பத்துமூன்று வரைதான். யாரோ ரிலேயையே தப்பாக மாட்டியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

"இதைத் தொடாதீங்க மேடம்," என்றார் எலெக்ட்ரீஷியன்.

"ஏன்?"

"மிஷின் வந்தப்போ கம்பெனிக்காரன் வெச்சிட்டுப் போனது. அவன் இருபத்திநாலுதான் வெச்சான்."

"ஏன் வெச்சார்னு சொன்னாரா?"

"அதெல்லாம் சொல்லல."

"மோட்டார் நாற்பத்தொண்ணு, அண்ணா. நீங்களே பாருங்க."

அவர் பெயர்ப்பலகையைப் பார்த்தார். பிறகு குமிழைப் பார்த்தார். "ஆமா, கணக்கு உதைக்குது," என்றார்.

ஸ்டோரில் முப்பதிலிருந்து ஐம்பது வரை உள்ள ஒரு ரிலே கிடந்தது. அதை மாட்டச் சொன்னேன். அவர் மாட்டினார். நாற்பத்தொன்றில் வைக்கச் சொன்னேன். வைத்தார். அன்றோடு ப்ளோயர் விழுவது நின்றது. கரண்ட் போய் வந்தாலும் சக்கரம் முக்கி முனகி எழுந்து ஓடியது. சூப்பர்வைசர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஒர்க்ஸ் மேனேஜர் போகிறபோக்கில், "நல்லா பண்ணீங்கம்மா" என்றார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்த மோட்டார் எரிந்தது.

மத்தியான ஷிப்ட் தொடங்கிய நேரம். வார்னிஷ் கருகுகிற வாடை முதலில் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் மோட்டாரின் மூடியிலிருந்து புகை. மெயினை இறக்கினோம். ரிலே விழவில்லை. அதன் பட்டன் ஒன்றும் நடக்காத மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

எனக்குப் புரியவே இல்லை. சரியான அளவில் வைத்த ரிலே, கண்ணெதிரில் மோட்டார் எரியும்போது ஏன் சும்மா இருந்தது? அதிலும், அந்த இரண்டு நாளாக ப்ளோயருக்கு வேலை குறைச்சல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தூசி வடிகட்டும் துணிப்பைகளில் பாதி கிழிந்துபோய்க் கழற்றிவிட்டிருந்தோம். புதுப்பை வரும்வரை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தோம். வழி திறந்திருந்தால் மோட்டாருக்குச் சுலபம்தானே?

மேனேஜர் வந்து பேனலுக்குள் டார்ச் அடித்தார். அடியில், தூசிக்கு நடுவே, ஒரு மூங்கில் சிராய் கிடந்தது. ஒரு விரல் நீளம், ஒரு முனை சீவப்பட்டது. அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எலெக்ட்ரீஷியனிடம் நீட்டினார்.

"ரிலே விழாம இருக்க இதை முட்டுக் கொடுத்தியா?"

"ஆமா சார்," என்றார் அவர். உடனே சொன்னார். மறுக்கக்கூட இல்லை.

அன்றைக்கே அவரை சஸ்பெண்ட் செய்தார்கள்.

இதைச் சொல்லத்தான் வேண்டும்: எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. ரிலேயின் பட்டனை முட்டுக் கொடுத்து அழுத்தியே வைத்தால் அது விழாது. அதனால்தான் எரிந்தது. என் நாற்பத்தொன்றில் தப்பில்லை. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோபம்கூட வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று.

மோட்டாரைச் சுருள் சுற்றும் பட்டறைக்கு எடுத்துப் போனோம். மூடியைக் கழற்றியதும் பட்டறைக்காரர், "மூணு ஃபேஸ் சுருளும் ஒரே மாதிரி கருகியிருக்கு. ஒரு ஃபேஸ் போயிருந்தா ஒண்ணு மட்டும் கருகியிருக்கும். இது ரொம்ப நேரம் ஓவர்லோடுல ஓடி வெந்தது," என்றார். எழுதிக்கொண்டேன். ரிலே பார்த்துக்கொண்டிருக்கவேண்டிய வேலை அதுதான். முட்டுக் கொடுத்ததால் பார்க்கவில்லை. சரிதான் என்று திரும்பினேன்.

ஆனால் பஸ்ஸில் வரும்போது ஒன்று உறுத்தியது. புகை வந்த நேரத்தில் பேனலைத் திறந்தவள் நான். ரிலேயின் பட்டன் மேல் எந்தச் சிராயும் இல்லை. அது கீழே தூசிக்குள் கிடந்தது. அதன் மேலேயே தூசி படிந்திருந்தது.

புதிதாகச் சுருள் சுற்றிய மோட்டார் பத்து நாளில் திரும்ப வந்தது. புதுப்பைகளும் மாட்டியாகிவிட்டது. இந்த முறை மோட்டார் எவ்வளவு ஆம்பியர் எடுக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று, பக்கத்துக் கம்பெனியிலிருந்து டாங் டெஸ்டர் இரவல் வாங்கினேன். கம்பியை வெட்டாமல், இடுக்கி மாதிரி வளைத்துப் பிடித்தால் ஆம்பியர் காட்டுகிற கருவி அது. பேனலுக்குள் வரும் கம்பியில் பிடித்தேன். முப்பத்தெட்டு. ரிலே வழியாகப் போகும் கம்பியில் பிடித்தேன். இருபத்திரண்டு.

டெஸ்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். தட்டிப் பார்த்தேன். மறுபடி பிடித்தேன். முப்பத்தெட்டு, இருபத்திரண்டு. அடுத்த கம்பி, அதற்கடுத்த கம்பி. உள்ளே வருவது முப்பத்தெட்டு. ரிலேயில் போவது இருபத்திரண்டு. மீதிப் பதினாறு எங்கே போயிற்று? ரிலேயைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போகிறதா? அங்கேயே ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, பேனலின் வயரிங் படத்தைப் பென்சிலால் ஒவ்வொரு கோடாகத் தொடர்ந்தேன்.

அது ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். பெரிய மோட்டாரை எடுத்த எடுப்பில் முழு வேகத்துக்கு இழுக்காமல், முதலில் சுருள்களை ஒரு விதமாக இணைத்து மெதுவாகக் கிளப்பி, பிறகு டெல்டா என்னும் முக்கோண இணைப்புக்கு மாற்றும். முக்கோணத்தில் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கம்பியும் இரண்டு சுருள்களுக்குப் பிரிகிறது. ரிலே இருந்தது அந்தப் பிரிவுக்குப் பிறகு, முக்கோணத்துக்குள்ளே. அதற்கு மொத்த ஆம்பியர் தெரியாது. ஒரு சுருளின் பங்குதான் தெரியும். நாற்பத்தொன்றை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தேன். இருபத்துமூன்று புள்ளி ஏழு.

இருபத்துநான்கு.

கம்பெனிக்காரன் வைத்துவிட்டுப் போனது சரி. அண்ணா தொடாதீர்கள் என்றது சரி. நான்தான் தப்பு. நான் வைத்த நாற்பத்தொன்றுக்கு அர்த்தம், மோட்டார் எழுபது ஆம்பியர் எடுத்தாலும் தூங்கிக்கொண்டிரு என்பது. பைகள் இல்லாமல் ஓடியபோது காற்றுக்குத் தடை குறைந்தது; தடை குறைய விசிறி கூடுதல் காற்றை அள்ளியது; அள்ளிய காற்றுக்கெல்லாம் மோட்டார் உழைத்தது. ஐம்பதைத் தாண்டியிருக்கவேண்டும். சிராய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ரிலே விழுந்திருக்காது.

அப்படியானால் அவர் ஏன் 'ஆமா' என்றார்?

அன்றைக்கே மேனேஜரிடம் போயிருக்கவேண்டும். போகவில்லை. இரண்டு நாள் எதிலும் மனம் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேரே வல்லக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். முருகன் கோவிலுக்குப் பின்னால் அண்ணாவின் ஓட்டு வீடு. அவர் மனைவி கதவருகே வந்து, "ஃபேக்டரியிலேர்ந்தா? வாங்க, உள்ள வந்து குந்துங்க," என்றார். முகத்தில் சிரிப்பில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

அண்ணா வந்ததும் நான் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணா, அந்த ரிலேல நீங்க எப்ப முட்டுக் கொடுத்தீங்க?"

"அது போன வருஷம் மேடம். நீங்க வர்றதுக்கு முன்ன. கரண்ட் போயி வந்தா எடுக்காது இல்ல, அப்ப சிராயை வெச்சிப் பட்டனை அமுக்கினு ஸ்டார்ட் பண்ணுவேன். ஃபுல் ஸ்பீட் வந்ததும் உருவிடுவேன். நீங்க புது ரிலே போட்ட பின்னால அது எதுக்கு?"

"மேனேஜர் கேட்டது மோட்டார் எரிஞ்ச அன்னிக்கு வெச்சீங்களான்னு."

"அன்னிக்கா? வெச்சியான்னு கேட்டாரு. வெச்சது நெஜம்தானே. பழசைக் கண்டுபிடிச்சிட்டாருன்னு நெனச்சேன்."

அவர் மனைவி குறுக்கே வந்தார். "நானும் அதைத்தான் கேட்டுகினு கீறேன். செய்யாததுக்கு நீ ஏன் தலைய ஆட்டினேன்னு. எனக்கே தெரியலங்கிறாரு."

"எனக்கும் கொழப்பமாத்தான் இருந்திச்சு," என்றார் அவர். "முன்ன சூடு ஏத்திவெச்சது இப்ப வந்து எரிக்குமான்னு. ஒருவேளை எரிக்குமோன்னும் தோணிச்சு. உங்க கணக்குதான் கரெக்டா இருந்திச்சே. அப்ப என் சிராய்தான்னு நெனச்சிக்கினேன்."

"என் கணக்கு தப்பு, அண்ணா," என்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப இருபத்திநாலு ஏன் கரெக்டு?" என்று கேட்டார். அவருக்கு அதுதான் முக்கியமாக இருந்தது. கையிலிருந்த நோட்டில் முக்கோணம் வரைந்து காட்டினேன். அவர் விரலால் ஒரு பக்கத்தைத் தொட்டு, "இந்தப் பக்கம் போறது பாதியில்ல, அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவர் மனைவி, "முதல்ல வேலைக்கு இன்னா வழின்னு கேளு," என்றார்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டாங் டெஸ்டர் அளவுகளைக் கேட்டார்; படத்தைப் பார்த்தார். "ரிலே மாத்தினப்போ நானும்தானே பாராட்டினேன்," என்றார் கடைசியில். எலெக்ட்ரீஷியனுக்குப் பழைய சிராய்க்காக எச்சரிக்கைக் கடிதம். எனக்கு ரிலேக்காக ஒன்று. அண்ணா வியாழக்கிழமை வேலைக்குத் திரும்பினார்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழைய ரிலேயை மாட்டி இருபத்துநான்கில் வைத்தோம். ப்ளோயர் பழையபடி கிளம்பும்போதே விழுந்தது. சரியாக வைத்தால் ஓடாது, தப்பாக வைத்தால் எரியும். இதென்ன நியாயம் என்று எனக்கு அழுகையே வந்தது.

கைக்கடிகாரத்தைப் பார்த்து அளந்தோம். அந்தப் பெரிய சக்கரம் வேகம் பிடிக்க இருபத்தெட்டு விநாடி ஆகிறது. அத்தனை நேரமும் ரிலேயில் இருபத்துநான்கைப்போல மூன்று மடங்குக்கு மேல் மின்சாரம். காலையில் பட்டைகள் குளிர்ந்திருப்பதால் தாங்கிவிடுகின்றன. ஓடி நின்ற சூட்டோடு மறுபடி கிளப்பினால் தாங்குவதில்லை. ரிலே செய்கிற கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. அதில் வளைவான கோடுகள். கோடுகளின் மேல் கிளாஸ் பத்து, கிளாஸ் இருபது, கிளாஸ் முப்பது.

"கிளாஸ் இருபதுன்னா இருபது ஆம்பியரா? நம்முளுது இருபத்திநாலாச்சே," என்றார் அண்ணா. நான் முதலில் ரயிலில் இருப்பதுபோல ஒசத்தி, மட்டம் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. அது நேரம். வைத்த அளவைப்போல ஆறு மடங்கு மின்சாரம் பாய்ந்தால், குளிர்ந்த நிலையில் எத்தனை விநாடிக்குள் விழவேண்டும் என்பதே கிளாஸ். பத்து என்றால் பத்து விநாடிக்குள். இருபது என்றால் இருபதுக்குள். எங்கள் பழைய ரிலே கிளாஸ் பத்து. சீக்கிரம் எழுந்துகொள்ளும் பம்புக்கு அது போதும். இந்தச் சக்கரத்துக்குப் போதாது. மாற்றவேண்டியது ஆம்பியரை இல்லை, பொறுமையை.

"அப்ப முப்பதே வாங்கிடலாம் மேடம். தொந்தரவே இல்ல."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒருமுறை அவசரப்பட்டுச் சூடுபட்டவள். மோட்டார் செய்த கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். சுழலமுடியாமல் சிக்கிக்கொண்டு முழு மின்னழுத்தத்தில் நின்றால், சூடாக இருக்கும் இந்த மோட்டார் எத்தனை விநாடி தாங்கும்? இருபத்திரண்டு என்று பதில் வந்தது. முப்பது விநாடி வரை பொறுக்கிற ரிலே அதற்குள் விழும் என்று நம்பமுடியாது. கிளாஸ் இருபதுதான் வாங்கினோம். எல்லை இருபதிலிருந்து முப்பத்துமூன்று, குமிழ் இருபத்துநான்கில். கிளப்பும்போது காற்றுக்குழாயின் கதவை மூடிவைத்து, வேகம் வந்தபின் திறக்க ஏற்பாடு செய்தோம். இருபத்தெட்டு விநாடி பதினேழாகக் குறைந்தது. கரண்ட் போய் வந்தால் பட்டைகள் ஆற பத்து நிமிடம் பொறுத்துத்தான் போடவேண்டும் என்று பேனல் கதவில் எழுதி ஒட்டினோம்.

சரியாக ஓடியது. ஆனால் எரிகிற நேரத்தில் இது விழுமா? ஓடுவதை வைத்து அதை எப்படித் தெரிந்துகொள்வது? முன்பும்தான் மூன்று மாதம் ஓடியது.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், கொட்டகையில் வேலை முடிந்தபின், மேனேஜரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, துணிப்பைகள் இருக்கும் அறையின் பெரிய கதவை, காற்றுக்குத் தடை குறையட்டும் என்று வேண்டுமென்றே திறந்துவிட்டு ப்ளோயரை ஓட்டினோம். ரிலேக் கம்பியில் டெஸ்டரைப் பிடித்தேன். முப்பத்தொன்று. அண்ணா மோட்டாரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். இதுவும் தூங்குகிறதோ?

"சூடு ஏறுது மேடம். நிறுத்திடலாமா?"

"இன்னும் கொஞ்சம்."

பதினோராவது நிமிடம் 'டக்' என்றது. ப்ளோயர் ஓய்ந்து, சக்கரம் முனகியபடி சுற்றி நிற்க நெடுநேரம் ஆயிற்று. அண்ணா கையை எடுக்காமல் அப்படியே சிரித்தார். நான் டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சத்தம் நின்றதைக் கேட்டு, சட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியிருந்த சூப்பர்வைசர் திரும்பி ஓடிவந்தார். "மறுபடி ட்ரிப்பா? அட, இன்னாதான்பா பண்ணிகினு கீறீங்க? இதுக்கு இன்னா சிரிப்பு?"

அண்ணா பேனல் கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். பட்டைகள் ஆறட்டும் என்று பத்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.